91ஆம் இலக்கப் பிழை

இடமாற்றப் பட்டியல் போடும் காலம் வந்தால் எங்கள் அலுவலகத்தில் நெடுந்தீவு என்ற பெயரைக் கேட்டாலே எல்லோரும் மருத்துவச் சான்றிதழ் தேடுவார்கள். நான் இரண்டு வருடம் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேறி, வாந்தியெடுத்து, கறுத்துப்போய்த் திரும்பி வந்தவள். இனி என்னை அனுப்ப முடியாது. எக்செல் ஓரளவு கைவந்தவள் என்பதால், அடுத்து யார் போவதென்று கணக்கிடும் மக்ரோ என்ற சிறு நிரலை மட்டும் என் தலையில் கட்டினார்கள்.

மக்ரோ செய்வது சின்ன வேலை. முதல் தாளில் எல்லா உத்தியோகத்தர்களும் இருப்பார்கள். தீவுச் சேவை முடித்தவர் என்று ஒருவருக்குக் குறித்திருந்தால், அவருடைய கோப்பு இலக்கத்தை இரண்டாம் தாளில் தேடிப் புள்ளியை எடுத்துவரும். மற்றவர்களுக்குச் சுழியம். புள்ளி குறைந்தவர் தீவுக்கு. புள்ளி சமமென்றால் சேவைக்காலம் குறைந்தவர் போக வேண்டும்.

பக்கத்து மேசையில் உடுவிலில் இருந்து வரும் அக்கா. நான் தீவால் திரும்பிய நாள் முதல் ஏழு வருடமாக ஒரே சாப்பாட்டுப் பெட்டியில் இருந்து பங்கு போட்டுத் தின்றவர்கள் நாங்கள். மக்ரோவை அவருக்கும் சொல்லிக் கொடுத்திருந்தேன். இரண்டாம் தாளின் கடவுச்சொல் எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். பட்டியல் கொடுக்க வேண்டிய நாளுக்கு முதல்நாள் பின்னேரம், சரிபார்க்க வேண்டுமென்று கோப்பை வாங்கிக்கொண்டவரும் அவர்தான்.

மறுநாள் காலை மக்ரோவை ஓடவிட்டேன். பாதியில் நின்றது. ரன்டைம் எரர் 91. தேடிக் கண்ட கலத்தைப் பிடித்து வைத்திருக்க வேண்டிய மாறியில் எதுவுமில்லை என்று அர்த்தம். புள்ளியை எடுக்கும் வரி மஞ்சளாக மினுங்கியது. அக்கா எட்டிப் பார்த்தார்.

"உதை விடு பிள்ளை. பிழை வந்தாலும் தாண்டிப் போற வரியொண்டு அண்டைக்குக் காட்டினாய் எல்லே, அதைப் போட்டிட்டு ஓடவிடு. சேர் ரெண்டு மணிக்குக் கேப்பார்."

"தாண்டினால் ஆற்றையோ புள்ளி சுழியமா நிண்டிடும் அக்கா. ஆர் எண்டு பாத்திட்டுச் செய்வம்."

அவர் தன் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. தாளைத்தான் தப்பாகச் சுட்டிவிட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். தேடும் வரியில் ஓட்டத்தை நிறுத்தும் பிரேக்பொயின்ற் வைத்து மறுபடி ஓடவிட்டேன். தாளின் பெயரைக் கேட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. ஒரு வரியை மட்டும் ஓட்டும் எஃப் 8 அழுத்தினேன். முதல் ஆளின் கலம் அகப்பட்டது. எஃப் 5 அழுத்தி அடுத்தவருக்குப் போனேன். இப்படி ஒவ்வொருவராக நிறுத்தி நிறுத்திப் போனதில், ஓரிடத்தில் தேடல் வெறுங்கையோடு திரும்பியது. மாறியின்மேல் மவுசை வைத்தேன். நத்திங் என்று காட்டியது. தேடிய இலக்கத்தின்மேல் வைத்தேன்.

அது என் கோப்பு இலக்கம்.

இரண்டாம் தாளுக்குப் போனேன். என் வரியே இல்லை. கோப்பைக் கொடுக்க முன், முதல்நாள் மத்தியானம் பென் டிரைவில் எடுத்த பிரதியில் அது பத்திரமாக இருந்தது. வரியை அழித்தவருக்கு முதல் தாளிலும் என் பெயருக்கு நேரே தீவுச் சேவை முடித்தவர் என்ற குறிப்பு இருப்பது மறந்துபோய்விட்டது. அதையும் மாற்றியிருந்தால் மக்ரோ முணுமுணுக்காமல் ஓடி, சுழியம் பெற்றவர்களில் சேவைக்காலம் குறைந்த என்னைத் தீவுக்கு அனுப்பியிருக்கும். நானே அச்செடுத்துக் கொடுத்திருப்பேன்.

திரும்பி அக்காவைப் பார்த்தேன்.

"என்ரை வரியை ஏன் அழிச்சனீங்கள்?"

அவர் மறுக்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"என்ரை கடைசிப் பிள்ளைக்கு இன்னும் அஞ்சு வயசாகேல்லை. உனக்கு என்ன பிள்ளை, தனி ஆள்தானே. உனக்கெண்டு ஆர் காத்துக்கொண்டிருக்கினம்?"

ஏழு வருடம் என்னோடு சாப்பிட்ட வாய் அது. அரியாலையில் படுக்கையில் கிடக்கும் என் அப்பாவுக்கு வருத்தம் கூடிய நாட்களில் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டவரும் அவர்தான். பிரதியில் இருந்து என் வரியை எடுத்து ஒட்டினேன். பிரேக்பொயின்ற்றை நீக்கி ஓடவிட்டேன். எங்கும் நிற்காமல் ஓடியது. அக்காவைவிடச் சேவைக்காலம் குறைந்தவர்கள் எல்லோரும் என்னைப் போலத் தீவுக்குப் போய் வந்தவர்கள். முதலாவதாக அக்காவின் பெயர் வந்தது.

பட்டியல் ஏன் இவ்வளவு நேரம் சுணங்கியது என்று எங்கள் மேலதிகாரி சேர் கேட்டார். ஒரு வரி விடுபட்டுப் போச்சு, சேர்த்திட்டன் என்றேன். விசாரணை வந்தால் அக்காவுக்கு வேலையே போகும். அந்த நேரத்திலும் அதை யோசித்த என் மண்டையை என்ன செய்வது?

அடுத்த கிழமை தேநீர் குடிக்கப் போனேன். எல்லோரும் கதையை நிறுத்தினார்கள். பியோன் அண்ணை மட்டும் மனதில் வைத்திருக்கத் தெரியாதவர்.

"தங்கச்சி, கடைசி நேரத்திலை உங்கடை வரியை நீங்களே உள்ளுக்கை போட்டுத்தான் இந்த உடுவில் பிள்ளையைத் தீவுக்கு அனுப்புறியளாம். மெய்யே?"

அக்கா அங்கேதான் நின்றார், கையில் தேநீர்க் கோப்பையோடு. ஒரு சொல் சொல்லுவார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் தேநீரை ஊதி ஊதிக் குடித்து முடித்தார், கோப்பையைக் கழுவி வைத்தார், மேசைக்குப் போய்விட்டார்.