மேற்குச் சுவரின் சூடு

கிள்ளானில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்த கிடங்கில் சாக்லேட்டுக்காக ஒரு மனிதனின் முதுகு கிழிந்தது. கப்பலில் வந்து மூன்று வாரம் கிடந்த பெட்டிகளைத் திறந்தபோது பாதிக்கு மேல் உருகி, மறுபடி இறுகி, மேலே வெள்ளை பூத்திருந்தது. கோலாலம்பூரிலிருந்து வந்த துரை மேசையைக் குத்தினார். கூலிகளுக்கு மேஸ்திரியான மண்டோர் உடனே ஒரு சுமைக்கூலியைக் கைகாட்டினான்.

"இவன்தான் துரை. வெயில்ல போட்டுட்டு வெத்தல போட உக்காந்துட்டான்."

துரை போனதும் மண்டோர் பிரம்பு எடுத்தான். பத்து, பன்னிரண்டு அடிகள். சட்டை கிழிந்து தோலோடு ஒட்டிக்கொண்டது. நான் பேனாவைப் பிடித்தபடி நின்றேன்.

பிறகு காயத்துக்குத் தேங்காயெண்ணெய் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் என்னைப் பார்க்காமலே சொன்னான்: "நேரா உள்ளதான் கொண்டாந்தேன் கிராணி. அந்த மேக்குச் சுவத்துக்கிட்ட அடுக்க வேணாம், கை வச்சா சுடுதுன்னு சொன்னேன். மண்டோர்தான் அடுக்கச் சொன்னார்."

அடுத்த கப்பலில் மருந்து வருவதாக இருந்தது: களிம்புகள், ஜெலட்டின் உறையிட்ட மாத்திரைகள். ஒரு பெட்டியும் உள்ளே போகுமுன் கிடங்கை அளந்தாக வேண்டும் என்று கம்பெனியின் மருந்தாளர் பதினெட்டு வெப்பமானிகளோடு வந்தார். ஒரு நாளின் உச்சச் சூட்டையும் தாழ்ந்த சூட்டையும் தானே குறித்து வைக்கும் வகை அவை. முதலில் எல்லாவற்றையும் ஒரே மேசையில் ஒரு நாள் கிடத்தினோம். ஒன்று மட்டும் இரண்டு டிகிரி கூடுதலாகக் காட்டியது. இரண்டு கழிக்க வேண்டும் என்று அதன் மேல் சீட்டு ஒட்டினேன்.

தரையருகே, தோள் உயரத்தில், தகரக் கூரைக்குக் கீழே என்று மூன்று உயரங்களில், மூலைகளிலும் நடுவிலும் வாசலருகிலும் தொங்கவிட்டோம். சுவரில் படாமல் ஒரு சாண் தள்ளி. "காத்தோட சூடுதான் வேணும், கல்லோட சூடு இல்ல" என்றார். ஏணியைப் பிடிக்க அந்தச் சுமைக்கூலியையே கேட்டேன். தினம் காலையும் பிற்பகலும் படித்து, காந்தத்தால் குறிமுள்ளை இறக்கி, நோட்டில் எழுதுவேன்.

கூரையடி எங்கும் சூடுதான், அது எதிர்பார்த்தது. ஆனால் மேற்குச் சுவரோரம் தோள் உயரத்திலேயே நூற்றைந்து ஃபாரன்ஹீட். கிழக்குப் பக்கம் தரையருகே எண்பத்தைந்தைத் தாண்டவில்லை.

"மேக்கு வெயில்" என்று மண்டோர் சிரித்தான். ஆனால் வெயில் படாத காலையிலும் அங்கே சூடு இறங்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ரப்பர் ஷீட்டைப் புகை போடும் கூடம், அடுப்பு இரவும் பகலும் எரியும். சீனப் பெருநாளுக்கு அது இரண்டு நாள் அணைந்திருந்தது. வெயில் சுள்ளென்று அடித்தும் அந்தச் சுவரோரம் மற்ற இடங்களைப் போலவே தொண்ணூற்றைத் தொட்டு நின்றது.

கணக்கு புரிந்துவிட்டது: சாக்லேட்டை உருக்கியது அந்த அடுப்பு. மண்டோருக்கும்.

மறுநாள் பிற்பகல் நான் ஏணியில் நின்றபோது அவன் சாக்குக் கொக்கியோடு வந்தான்.

"அந்த நோட்டைக் குடு."

"துரைக்குப் போகணும்."

சுவரோரம் தொங்கிய வெப்பமானியைக் கொக்கியால் அடித்தான். கண்ணாடி சிதறி, பாதரசம் தரையில் உருண்டது. அடுத்தது. அதற்கடுத்தது. பிறகு ஏணியை உதைத்தான். நான் விழுந்து எழுவதற்குள் கொக்கி என் தோளில் இறங்கியது. எலும்பில் உரசிய சத்தம் கேட்டது. நோட்டை வயிற்றோடு அணைத்துச் சுருண்டேன். இரண்டாம் முறை அவன் ஓங்கியபோது வாசலிலிருந்து ஓடிவந்த சுமைக்கூலி பின்னாலிருந்து கையைப் பிடித்து முறுக்கினான். கொக்கி விழுந்தது. அத்தோடு அவன் நிற்கவில்லை. மண்டோரின் முகத்தைச் சுவரில் மோதினான், மறுபடியும் மோதினான். பல்லும் ரத்தமும் தெறித்தன. "போதும்!" என்று நான் கத்தினேன். ஆனால் உள்ளுக்குள் இன்னொரு முறை மோதட்டும் என்றிருந்தது. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

போலீஸ் சுமைக்கூலியைத்தான் இழுத்துப் போனது. துரை நோட்டைப் படித்தார், எங்கெங்கே எவ்வளவு சூடு என்று கிடங்கைப் படம் போடச் சொன்னார். மேற்குச் சுவரிலிருந்து பத்தடிக்குச் சிவப்புக் கோடு விழுந்தது. மருந்துப் பெட்டிகள் கிழக்கே, கட்டைகள் மேல், தாழ்வாக அடுக்கப்பட்டன. ஒன்றும் கெடவில்லை. "நல்ல வேலை" என்றவர், "கோர்ட்டுக்குப் போகாதே. கம்பெனி பேர் அடிபடும்" என்றார்.

போனேன். தோள் கட்டோடு சாட்சிக் கூண்டில் ஏறி, முதலில் அடித்தவன் யார் என்பதைச் சொன்னேன். பிரம்படியையும் சொன்னேன். மாஜிஸ்திரேட் சுமைக்கூலியை எச்சரித்து விடுவித்தார். கம்பெனி அவனைத் திரும்ப எடுக்கவில்லை. மண்டோரையும் விரட்டியது. அடுத்த மாதம் என்னைக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருந்த தன் கடையின் பின்கட்டுக்கு மாற்றியது.

தீர்ப்பன்று கோர்ட்டு வாசலில் அவனிடம், "டெங்கில் பக்கம் தோட்டத்துல ஆள் எடுக்கறாங்களாம்" என்றேன்.

தலையாட்டினான். பிறகு கேட்டான்: "இன்னைக்குப் பேசின வாயி, அன்னைக்கு எங்க போச்சு கிராணி?"

 பதிலுக்கு அவன் காத்திருக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரயிலடிப் பக்கம் நடந்தான்.