இறுகி நின்ற லாச்சி

புளியங்குளம் சந்தியில் தச்சுப் பட்டறை வைத்திருக்கும் தயாபரனுக்கு, ஊரில் யார் வீட்டுக் கதவு எந்த மழையோடு இறுகும் என்பது அத்துப்படி. தன் வீட்டு அலுமாரியின் இழுப்பறையை, அந்த லாச்சியை மட்டும் அவர் கவனிக்கவில்லை. மனைவி ஜெகதீஸ்வரியின் கட்டிலோரம் நின்ற, உயரம் குறைந்த முதிரை மர அலுமாரி அது. மேல் லாச்சி ஒரு சாண் வெளியே வந்து கோணலாக இறுகிப்போயிருந்தது. உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது.

பாரிசவாதம் வந்து வலக்கையும் வலக்காலும் விழுந்ததிலிருந்து ஜெகதீஸ்வரிக்கு ஒரே வைராக்கியம்: கக்கூசுக்குப் போக மருமகள் தேனுகாவைக் கூப்பிடக்கூடாது. "தனிய எழும்பாதை, விழுந்தாயெண்டால் முடிஞ்சுது" என்று தயாபரன் சத்தம் போடுவார். "ஓம் ஓம்" என்பாள். பிறகு எப்படியோ எழும்பிப் போய்வந்துவிடுவாள்.

ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவர் வாசலில் நின்றுவிட்டார். கட்டில் ஓரத்தில் இருந்த ஜெகதீஸ்வரி, இடக்கையை லாச்சியின் முகப்பில் ஊன்றி, பல்லைக் கடித்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். தச்சன் பெண்சாதி ஒரு லாச்சியோடு மல்லுக்கட்டுகிறாளே என்று அவருக்கு வெட்கமாகப் போயிற்று.

"விடு, நான் திருத்தித் தாறன்."

"வேண்டாமப்பா. அது கிடக்கட்டும்."

"சீலை எடுக்கிறதுக்கு ஒவ்வொரு நாளும் இப்பிடி முக்குவியோ?"

"உங்களோட இவ்வளவு காலம் முக்கினனான். இது என்ன பெரிசு?"

குசினிக்குள் தேனுகா சிரித்தாள். தயாபரனும் சிரித்தார். ஜெகதீஸ்வரி வேண்டாம் என்று சொன்னதை மட்டும் காதில் எடுக்கவில்லை.

லாச்சியை ஒரு பாடாகக் கழற்றிப் பார்த்தார். பக்கப் பலகைகள் ஓடி ஓடி, கீழிருந்த மரச் சட்டங்களில் பள்ளம் விழுந்திருந்தது. முன்பக்கம் தணிந்து, ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் குறுக்கே சிக்கிக்கொள்ளும். பள்ளத்தைச் செதுக்கி எடுத்து, மெல்லிய முதிரைச் சிம்பு வைத்து ஒட்டி, சீவுளி போட்டு, மெழுகுதிரி தேய்த்தார். வெயில் இருந்தவரை ஓடியது. மாரி பிறந்ததும் மரம் ஊதி, பழைய இடத்திலேயே வந்து நின்றது.

"பாத்தீங்களே, அதுக்கும் விருப்பமில்லை" என்றாள் ஜெகதீஸ்வரி. முகத்தில் ஒரு நிம்மதி. அது தன்னை நக்கலடிக்கிற நிம்மதி என்று எடுத்துக்கொண்டார் அவர்.

ரோசம் வந்துவிட்டது. வவுனியாவுக்குப் போய் லாச்சி வழுக்கி ஓடுவதற்கான, பேரிங் வைத்த இரும்பு றன்னர் ஒரு சோடி வாங்கி வந்தார். றன்னருக்கு இரண்டு பக்கமும் அரை அங்குலம் இடம் வேண்டும். லாச்சிப் பெட்டியைப் பிரித்து ஒரு அங்குலம் ஒடுக்கி மறுபடி பூட்டினார். றன்னரிலிருந்த கறுப்புப் பிளாஸ்டிக் நாக்கை அமர்த்தி உள்துண்டுகளைக் கழற்றி லாச்சியிலும், வெளித்துண்டுகளை அலுமாரியிலும் பொருத்தினார். லாச்சியைத் தள்ள, பாதி வழியில் பிடித்தது. வலப்பக்க றன்னர் பின்னால் ஒரு நூல் தணிந்திருந்தது. நீள்துளைத் திருகாணியை இளக்கி, மட்டம் பார்த்து உயர்த்தி இறுக்கி, மற்றத் திருகாணிகளையும் போட்டார். ஒற்றை விரலால் தொட, லாச்சி சத்தமில்லாமல் ஓடிப்போய் மூடியது.

"எப்பிடி?" என்றார்.

ஜெகதீஸ்வரி கனநேரம் அதையே பார்த்தாள். "நல்லா ஓடுது" என்றாள்.

அடுத்த நாள் பட்டறையில் நின்றவருக்குத் தேனுகாவின் போன் வந்தது. "மாமா, ஓடியாங்கோ. மாமி விழுந்திட்டா."

அலுமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவே, வலப்பக்கம் மடிந்து கிடந்தாள். லாச்சி மூடியிருந்தது.

"மாமி எப்பவும் அதில கையூண்டித்தானே எழும்புறவா" என்றாள் தேனுகா அழுதபடி. "இண்டைக்கும் இழுத்து வைச்சு ஊண்டியிருக்கிறா. அது உள்ளுக்கு ஓடிட்டுது."

தயாபரன் ஜெகதீஸ்வரியின் முகத்தருகே நிலத்தில் குந்தினார். "ஏனடியப்பா சொல்லேல்லை?"

"சொன்னால்... எழும்ப விடமாட்டீங்கள்."

இடுப்பெலும்பு உடைந்திருந்தது. வவுனியா ஆஸ்பத்திரியில் ஒப்பரேசனுக்குக் கொடுக்கும் மயக்க மருந்தை அவளுடைய இதயம் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவள் பிறகு எழும்பவில்லை. கழுவுவது, துடைப்பது, உடுப்பு மாற்றுவது எல்லாம் தேனுகாதான். அந்த நேரத்தில் ஜெகதீஸ்வரி கண்ணை மூடிக்கொள்வாள்.

ஒரு காலை தயாபரன் பட்டறை திறக்கவில்லை. தடித்த முதிரைக் கட்டையொன்றைப் பிடிமானமாக இழைத்து, கட்டிலோரச் சுவரில் துளை போட்டு நட்டு இறுக்கினார். இரண்டு கையாலும் அதில் தொங்கிப் பார்த்தார். அசையவில்லை.

"இனி இதைப் பிடிச்சு..." என்று தொடங்கியவர், கட்டையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் துடைத்தார்.

ஜெகதீஸ்வரி இடக்கையை நீட்டிப் பார்த்தாள். பாதி உயர்ந்து மெத்தையில் விழுந்தது.

"வடிவாத்தான் செய்திருக்கிறீங்கள்" என்றாள். "அந்த ஈரத் துவாயை அதில போட்டுவிடுங்கோ, காயட்டும்."

அவர் எடுத்துப் போட்டார்.