யன்னலடிக் கதிரை

சட்டப் பரீட்சைகளில் எனக்குக் கிடைத்த ஒரேயொரு ‘ஏ’ நிர்வாகச் சட்டத்துக்குத்தான். அந்தப் பெறுபேற்றுத் தாள் இன்னமும் என் அலுமாரிக்குள் கிடக்கிறது. கிழித்தெறியவும் மனம் வரவில்லை, ஒருவருக்கு எடுத்துக் காட்டவும் முகம் இல்லை.

அப்போது நான் யாழ்ப்பாணத்தில் ஓர் அரசாங்கக் கல்லூரியில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைகளில் கொக்குவிலில் இருந்து ஸ்கூட்டரில் பட்டணத்துக்குப் போய்ச் சட்டம் படித்தேன். வேலையில் மூன்று வருடத் தகுதிகாண் காலம் முடிகிற தறுவாய். நியமனத்தை உறுதிப்படுத்த வேண்டுமென்றால் எங்கள் துறைத் தலைவர் சிபாரிசு எழுத வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் சாட்டுச் சொல்வதுபோல இருக்கும். இப்போதும் அது சாட்டுத்தான், ஆனால் முன்னாலேயே தெரிந்த சாட்டு.

பரீட்சையில் வந்த கேள்வி இது: கல்லூரி மாணவன் ஒருவன்மீது முறைப்பாடு செய்த விரிவுரையாளரே ஒழுக்காற்றுக் குழுவிலும் இருக்கிறார், மாணவன் இடைநிறுத்தப்படுகிறான், அவனுக்கு ஆலோசனை கூறுக. கேள்வியைக் கண்டதும் எனக்கு வாயெல்லாம் பல். எங்கள் சட்ட ஆசிரியர் இதைக் கரைத்துப் புகட்டியிருந்தார். “அவர் உண்மையிலை பக்கம் சாய்ஞ்சாரோ எண்டு கேளாதேங்கோ. அவற்றை நெஞ்சைப் பிளந்து பாக்க ஏலாது. விசயம் தெரிஞ்ச ஒரு நடுநிலையான ஆள் வெளியிலை நிண்டு பாத்தால், பக்கச்சார்பு இருக்கக்கூடும் எண்டு நியாயமாய் நினைப்பாரோ, அதைக் கேளுங்கோ” என்பார்.

நான் அதை எழுதினேன். தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக இருக்கக்கூடாது என்று தொடங்கினேன். முறைப்பாட்டுக்காரர் குழுவில் வாய் திறக்காமல் இருந்தாலும், வாக்களிக்காவிட்டாலும், முடிவெடுக்கிற நேரத்தில் உள்ளே இருந்தாலே அந்த முடிவு பழுதாகலாம் என்று எழுதினேன். விதிவிலக்கு இரண்டையும் விடவில்லை. அந்த வேலையைச் சட்டப்படி செய்ய வேறு ஆளே இல்லையென்றால் அது தேவை கருதிய விலக்கு. இங்கே வேறு விரிவுரையாளர்கள் இருப்பதால் அது செல்லாது. மாணவன் எல்லாம் தெரிந்துகொண்டு, விரும்பி, ஆட்சேபிக்காமல் இருந்தால் உரிமையை விட்டுக்கொடுத்ததாகும். தெரியாமல் விட்டுக்கொடுக்க முடியாது. கடைசியாக, மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் ‘ரிட்’ எனும் எழுத்தாணை கேட்டு அந்த முடிவை இல்லாமற் செய்விக்கலாம், ஆனால் நீதிமன்றம் மாணவன் சுத்தவாளியா குற்றவாளியா என்று சொல்லாது, முறையாகத் திரும்ப விசாரி என்றுதான் சொல்லக்கூடும் என்று முடித்தேன். எழுதிவிட்டு வெளியே வந்து ஐஸ்கிறீம் குடித்தேன். அவ்வளவு சந்தோஷம்.

பரீட்சை முடிந்து இரண்டு கிழமைகூட ஆகவில்லை. எங்கள் கல்லூரியில் குருநகர்ப் பிள்ளை ஒருத்தி, இறுதி வருட மாணவி, பணிப்பாளருக்கு ஒரு கடிதம் கொடுத்தாள். துறைத் தலைவர் வீட்டில் நடத்தும் டியூசனுக்குப் போகிறவர்களுக்குப் பரீட்சைக் கேள்விகள் முன்கூட்டியே தெரிகின்றன என்பது கடிதத்தின் சாரம். பெயர் போட்டுக் கையெழுத்தும் வைத்திருந்தாள். அதுதான் அவள் செய்த மடைத்தனம். எங்களூரில் மொட்டைக் கடிதம் எழுதியவன் எவனும் இதுவரை இடைநிறுத்தப்பட்டதில்லை.

கடிதத்தைப் பணிப்பாளர் விசாரிக்கவில்லை. துறைத் தலைவர், அவள் தன்மீது அவதூறு பரப்பினாள், தன்னை மதியாமல் கதைத்தாள் என்று பதிலுக்கு ஒரு முறைப்பாடு கொடுத்தார். அதுதான் விசாரணைக்கு வந்தது. எங்கள் துறையின் ஒழுக்காற்றுக் குழுவுக்கு வழமையான தலைவர் யார்? அவரேதான். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய் முறையிடுவது? வேறு துறைகளின் தலைவர்கள் இருவர் உறுப்பினர்கள். குறிப்பு எழுதுகிற செயலாளர் நான்.

அன்று காலை கூட்ட அறைக்குள் துறைத் தலைவர் வந்து மேசையின் தலைப்பக்கத்துக் கதிரையில் இருக்கப் போனார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“முறைப்பாட்டுக்காரன் நான். இதிலை இருந்தால் எங்கடை மிஸ் சட்டம் கதைப்பா. நான் விலகுறன். கணக்கியல் சேர், நீங்கள் நடத்துங்கோ.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் எழுந்து தன் தேநீர்க் கோப்பையையும் எடுத்துக்கொண்டு போய் யன்னலடிக் கதிரையில் இருந்தார். பத்தடி தூரம் இருக்குமோ என்னவோ. அவ்வளவுதான் அவருடைய விலகல். கதிரை மாறினால் ஆள் மாறிவிடுகிறது என்று அந்த அறையில் எல்லாரும் மனதார நம்பினார்கள். கணக்கியல் துறைத் தலைவர் நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாதவர். அவரே, “ஓம் ஓம், சேர் அதிலையே இருங்கோ, ஏதும் விளக்கம் வேணுமெண்டால் கேக்கலாம்” என்றார்.

பிள்ளையை உள்ளே கூப்பிட முன்னர், குழுவின் அமைப்பில் ஆட்சேபனை இல்லை என்று ஒரு கடதாசியில் அவளிடம் கையெழுத்து வாங்கச் சொன்னார்கள். விறாந்தைக்குப் போய் வாங்கியவள் நான்தான்.

“ஆர் மிஸ் விசாரிக்கினம்?”

“கணக்கியல் சேர்தான் தலைமை. இதிலை கையெழுத்து வையும் பிள்ளை.”

அவள் முகம் தெளிந்தது. நன்றி சொல்லிக் கையெழுத்து வைத்தாள். யன்னலடிக் கதிரையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் கேட்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

உள்ளே வந்ததும் அவரைக் கண்டு திடுக்கிட்டாள். அவர் சாட்சி சொல்ல வந்திருக்கிறார் என்று கணக்கியல்காரர் சொன்னார். அரை மணித்தியாலம் கேள்வி கேட்டுவிட்டு அவளை விறாந்தையில் நிற்கச் சொன்னார்கள். அவள் போனாள். அவர் போகவில்லை.

கணக்கியல்காரர், கண்டித்துக் கடிதம் கொடுத்தால் போதும், அடுத்த மாதம் பிள்ளைக்கு இறுதிப் பரீட்சை என்று இழுத்தார். யன்னல் பக்கமிருந்து குரல் வந்தது.

“உவளுக்கு வாய் கூடிப்போச்சு. ஒரு வருசமெண்டாலும் நிப்பாட்டாட்டி நாளைக்கு எல்லாரும் எழுதுவினம். நான் சொல்லேல்லை, முடிவு உங்கடை.”

முடிவு அவர்களுடையதாம்! ஐந்து நிமிடத்தில் ஒரு வருட இடைநிறுத்தம் ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. என் நாக்கு நுனியில் என்னுடைய விடைத்தாள் முழுக்க நின்றது, பந்தி பந்தியாக. படிப்பது தேவாரம், இடிப்பது சிவன் கோயில் என்பார்களே, அது வேறு யாரையுமில்லை, என்னைத்தான். பேனையை எடுத்து, “முறைப்பாட்டாளர் குழுவிலிருந்து விலகிக்கொண்டார்” என்று வழமையான வசனத்தை எழுதினேன். அதற்குக் கீழே கையெழுத்தும் வைத்தேன்.

ஒரு கிழமை கழித்து அந்தப் பிள்ளை கொக்குவிலுக்கு என் வீடு தேடி வந்தாள். பட்டணத்தில் ஒரு சட்டத்தரணியைக் கண்டிருக்கிறாள். குறிப்பின் பிரதியும் கையில் இருந்தது.

“மிஸ், நான் விறாந்தையிலை நிக்கேக்கை யன்னல் கம்பியிலை சேரின்ரை கை கிடந்தது. முடியுமட்டும் எடுக்கேல்லை. ஆனால் இதிலை விலகினார் எண்டு கிடக்குது. என்ரை சொல்லும் இந்தக் குறிப்பும் முட்டினால் குறிப்பைத்தான் நம்புவினமாம். கையெழுத்து வைச்சது பிரச்சினை இல்லையாம், அவர் உள்ளுக்கை நிப்பார் எண்டு எனக்குத் தெரியாது தானே. உள்ளுக்கை இருந்த ஒராள் நடந்ததை எழுதிச் சத்தியக்கடதாசி தந்தால் காணுமாம். சுணங்காமல் வழக்குப் போடோணுமாம். பிந்தினால் ஏன் பிந்தினது எண்டு கோட்டிலை நீதிபதி கேப்பாராம்.”

அவள் சொன்னதில் ஓர் எழுத்துப் பிழை இல்லை. நான் எழுதி ‘ஏ’ வாங்கிய விடையை அவள் தன் வாழ்க்கையை வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். படிப்பை முடித்ததும் ஒரு கம்பனியில் பயிலுநர் வேலைக்கு எடுப்பதாக அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். அந்த இடமும் இந்த ஒரு வருடத்தோடு போய்விடும் என்றாள்.

“ஒரு மாதம் பொறும் பிள்ளை. என்ரை நியமனம் உறுதியாகிற நேரம். கடிதம் கைக்கு வந்திட்டால் எழுதித் தாறன்.”

“ஓம் மிஸ்” என்றாள். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

ஒரு மாதம் இரண்டாயிற்று. துறைத் தலைவர் சிபாரிசை மேசையில் வைத்துக்கொண்டு, “எழுதுவம், எழுதுவம்” என்றார். பிள்ளை இரண்டு தரம் தொலைபேசி எடுத்தாள். இரண்டாவது தரம் நான் எடுக்கவில்லை. இடையில் பரீட்சைப் பெறுபேறு வந்தது. வீட்டில் எல்லாருக்கும் கேக் வெட்டிக் கொடுத்தார்கள். எனக்குத் தொண்டைக்குள் இறங்கவில்லை என்று எழுத ஆசைதான். பொய். இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

அவளை இடைநிறுத்திய ஏழாம் மாதம் எனக்கு உறுதிக் கடிதம் வந்தது. அன்று பின்னேரமே இருந்து சத்தியக்கடதாசியை எழுதினேன். அவர் எழுந்தது, கோப்பையோடு நடந்தது, யன்னலடியில் இருந்தது, சொன்ன வார்த்தைகள், நான் எழுதிய பொய் வசனம், ஒன்றையும் விடவில்லை. அடுத்த நாள் சமாதான நீதவான் முன்னால் கையெழுத்து வைத்து, முத்திரை குத்தி, பிளாஸ்ரிக் கோப்பு ஒன்றில் போட்டுக்கொண்டு குருநகருக்குப் போனேன்.

அவள் அப்போதுதான் வேலையால் வந்திருந்தாள். பட்டணத்தில் ஒரு புடவைக் கடையில் பில் போடுகிறாளாம். கடையின் பெயர் போட்ட சட்டை. பயிலுநர் இடத்துக்கு வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். தண்டனையில் இன்னும் ஐந்து மாதம் மிச்சம். அது முடிந்தாலும் திரும்பிப் போகிற யோசனை இல்லை என்று தாய் சொன்னார். கதிரை போட்டு, சோடா உடைத்துத் தந்தார்.

“இனியும் வழக்குப் போடலாம் பிள்ளை. பிந்தினதுக்குக் காரணம் நான்தான் எண்டு அதிலையே எழுதியிருக்கிறன். தண்டனை உம்மடை கோப்பிலை எண்டைக்கும் கிடக்கும். அதை அழிக்கலாம்.”

அவள் வாசலில் நின்றபடியே மூன்று பக்கத்தையும் ஆறுதலாக வாசித்தாள். கையெழுத்தையும் முத்திரையையும் திகதியையும் பார்த்தாள். திகதியில் கொஞ்சம் கூட நேரம் நின்றாள்.

“வடிவா எழுதியிருக்கிறியள் மிஸ்” என்றாள். பிறகு கேட்டாள்: “உங்கடை நியமனம் உறுதியாயிட்டுதோ?”

“ஓம்” என்றேன்.

“சந்தோசம் மிஸ்” என்று சொல்லிக் கடதாசிகளைத் திரும்பவும் கோப்புக்குள் செருகி என் மடியில் வைத்துவிட்டு, முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனாள்.