முக்கால் லிட்டர் பாட்டிலும் நாற்பத்திரண்டு கிலோ தேனும்

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணல்மாணலாகத்தான் விழும். ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து இன்னொன்றில் போய் நிற்பேன். மறதியும் சேர்ந்துவிட்டது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பேருக்கு நான் நன்றி சொல்லாமலே விட்டுவிட்டேன் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மொரப்பூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கல்யாணமாகி நாலைந்து வருஷம் கழித்து, என் வீட்டுக்காரர் தேனீப் பெட்டி வாங்கினார். முதலில் இரண்டு, பிறகு பத்து. ஒரு பெட்டி முப்பது ரூபாய். புங்க மரமும் வேம்பும் புளியும் எங்கள் கிணற்றைச் சுற்றி நிறைய இருந்ததால் ஈக்களுக்குக் குறைவில்லை. மழைக்காலத்தில் பூ இல்லாதபோது மட்டும் சர்க்கரைத் தண்ணீர் காய்ச்சி உள்ளே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருநாள் காலையில் பெட்டி காலியாக இருக்கும்.

முதல் வருஷங்களில் தேனைச் சில்லறையாக ஊருக்குள்ளேயே கொடுத்தோம். கேட்டவர்கள் கிண்ணம் கொண்டுவருவார்கள். பாதிப் பேரிடம் காசு கேட்கவும் முடியாது. அதனால் ஒரு வருஷம் சேலத்தில் ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் பாட்டிலில் அடைத்துக் கொடுப்பது என்று இவர் பேசிவிட்டு வந்தார். பாட்டில் நாலு ரூபாய். அந்த விலைக்கு எப்படி வந்தார் என்று எனக்குச் சொன்னார். காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதியிருந்தார்.

பெட்டி பத்து வருஷம் உழைக்கும் என்றால், பத்துப் பெட்டிக்கும் சேர்த்து வருஷத்துக்கு முப்பது ரூபாய் தேய்மானம். சர்க்கரை இருபத்து நாலு. பக்கத்து வீட்டு அக்கா தேன் எடுக்கவும் பாட்டில் கழுவவும் வந்தால் பதினாறு நாள், நாளுக்கு ஒண்ணரை ரூபாய், அது இருபத்து நாலு. நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே கிடந்து உழைக்கும் நாட்கள் மொத்தம் அறுபது. அதற்கும் ஒண்ணரை என்று தொண்ணூறு போட்டிருந்தார். எங்கள் உழைப்புக்குக் கூலி போடுவார்கள் என்றே எனக்குத் தெரியாது. அதைப் பார்த்து வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. சேலம் போக வண்டிக்கூலி, இரண்டு பேர் ரயில் டிக்கெட், லக்கேஜ், ஜட்கா எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு. ஆக நூற்றெண்பது. அதன்மேல் பாட்டில் ஒன்றுக்கு முப்பது காசு. பழைய சர்பத் பாட்டில்தான். பாட்டில்காரர் முக்கால் லிட்டர் என்று சொல்லி ஐம்பத்தாறு கொடுத்தார்.

பெட்டிக்கு நாலு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே கிடைக்கும், மொத்தம் நாற்பத்திரண்டு கிலோ வரும். முக்கால் கிலோ பிடித்தால் ஐம்பத்தாறு பாட்டில். செலவைப் பங்கிட்டால் ஒரு பாட்டிலுக்கு மூன்றரை ரூபாய் அடக்கம். நாலு ரூபாய்க்கு விற்றால் அரை ரூபாய் மிச்சம். அவர் கணக்கு இது. அந்த வருஷம் மிச்சம் வராவிட்டால் பெட்டிகளை விற்றுவிடுவது என்றும் முடிவு செய்திருந்தார். பாப்பாரப்பட்டிக்காரர் ஒருவர் பத்தையும் மொத்தமாகக் கேட்டிருந்தார். எனக்கு அந்தப் பெட்டிகளை விட மனமில்லை. வாய் திறந்து சொல்லவுமில்லை.

அக்கா எங்களைவிட வயதில் மூத்தவர். வேதக்கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பம். எதையும் பட்டென்று பேசிவிடுவார். தேனடை கட்டியிருக்கும் மரச் சட்டங்களின் மேல் மூடியிருக்கும் மெழுகை நான் சூடான கத்தியால் சீவித் தருவேன். அவர் அவற்றைத் தேன் எடுக்கும் டிரம்முக்குள் வைத்துக் கைப்பிடியைச் சுற்றுவார். தேன் சிதறி விழுகிற சத்தம் மழைத் தூறல் மாதிரி இருக்கும். வடிகட்டி எடை போட்டபோது சரியாக நாற்பத்திரண்டு கிலோ இருந்தது. சாம்பல் போட்டுக் கழுவி, கொதிநீரில் அலசி, ஈரம் போக வெயிலில் கவிழ்த்திருந்த பாட்டில்களில் நானும் அக்காவும் ஊற்றினோம்.

நாற்பதாவது பாட்டிலோடு தேன் தீர்ந்துவிட்டது. பதினாறு பாட்டில் வெறுமனே நின்றன.

இவர் வந்து எண்ணினார். மறுபடியும் எண்ணினார். டின்னைக் கவிழ்த்துப் பார்த்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏ புள்ள, நீ சோறாக்கப் போனப்ப இங்க யாரு இருந்தா?" என்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் அக்கா வாசலிலேயே நின்றிருந்தார்.

"நாந்தான் இருந்தேன் தம்பி" என்றார் அக்கா. "பன்னெண்டு கிலோ தேன நான் எங்க ஒளிச்சிருப்பேன், மடியிலயா? வாங்க, வந்து வூட்ட வேணும்னா தேடிப் பாருங்க."

இவர் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "கண்ணு, அந்தப் புளித் தராச எடுத்தா. தேனு எங்க போச்சுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்" என்றார்.

ஒரு தட்டில் தேன் நிறைந்த பாட்டிலை வைத்தோம். மறு தட்டில் வெறும் பாட்டிலையும் படிக்கல்லையும் வைத்தோம். முக்கால் கிலோ போட்டும் தட்டு எழவில்லை. ஒரு கிலோ போட்டோம். அப்போதும் தேன் பக்கம்தான் தாழ்ந்தது. இன்னும் ஐம்பது கிராம் போட்ட பிறகு முள் நேராக நின்றது. அதே வெறும் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி நிறுத்தோம். சரியாக முக்கால் கிலோ.

"தண்ணிய விடத் தேனு கனம்" என்றார் அக்கா. "இதுகூடத் தெரியாமத்தான் கணக்குப் போட்டீங்களா ரெண்டு பேரும்? பாட்டிலுக்கு ஒரு கிலோ அம்பது கிராமு. நாப்பது பாட்டிலுக்கு எவ்வளவுன்னு போட்டுப் பாரு."

நான் விரலை விட்டு எண்ணினேன். நாற்பத்திரண்டு. ஒரு சொட்டுக்கூடக் காணாமல் போகவில்லை.

கிலோவும் லிட்டரும் வந்து அப்போது அதிக வருஷம் ஆகவில்லை. அதுவரை சேரும் வீசையும் படியுமாகத்தான் இருந்தோம். பால் ஊற்றுகிறவர் லிட்டரும் கிலோவும் ஒன்றுதான் என்று சொல்வார். நாங்களும் எல்லாவற்றுக்கும் அப்படியே என்று நம்பிவிட்டோம்.

இவர் காலண்டர் தாளை எடுத்து மறுபடி எழுதினார். நூற்றெண்பதோடு நாற்பது பாட்டிலுக்குப் பன்னிரண்டு ரூபாய், ஆக நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. நாற்பதால் வகுத்தால் ஒரு பாட்டில் அடக்கமே நாலு ரூபாய் எண்பது காசு. நாலு ரூபாய்க்குக் கொடுத்தால் ஒவ்வொரு பாட்டிலுக்கும் எண்பது காசு கையைவிட்டுப் போகும். மொத்தம் முப்பத்திரண்டு ரூபாய்.

"அஞ்சரை கேட்டாத்தான் அரை ரூவாய்க்கு மேல நிக்கும்" என்றார். பிறகு தாளை மடித்தார். "ஆனா நாலுன்னு சொன்னது நானு. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போயி மாத்திக் கேப்பேன்? இத நாலுக்கே குடுத்துட்டுப் பொட்டிங்கள வித்துரலாம்."

"நீங்க போக வேணாம். நாங்க ரெண்டு பேரும் போறோம்" என்றார் அக்கா. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரண்டு கள்ளிப் பெட்டியில் வைக்கோல் போட்டு, பெட்டிக்கு இருபது பாட்டில் அடுக்கி, மொரப்பூர் ஸ்டேஷனில் காலை வண்டி ஏறினோம். வழியெல்லாம் ஒரே வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். "நீங்களே பேசிருங்கக்கா" என்று சேலம் வருவதற்குள் மூன்று முறை கேட்டிருப்பேன்.

"பொட்டி உன்னுது, தேனு உன்னுது, நான் என்ன பேசறது?" என்றார். "நான் கூலிக்காரி. பொட்டி தூக்கறதோட என் வேலை முடிஞ்சுது."

கடைக்காரர் பருமனான மனிதர். பெரிய கல்லாப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பாட்டில்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "நல்ல தேன். நாப்பதுதானா? அம்பத்தாறுன்னாரே உங்க வூட்டுக்காரர்?"

பாடம் பண்ணிவந்த வாக்கியம் மறந்துபோய்விட்டது. "அஞ்சரைங்க" என்று மட்டும் வந்தது.

"என்ன அஞ்சரை?"

"பாட்டிலு."

அவர் சிரித்தார். "ஏம்மா, மொரப்பூர்ல ரயிலேறும்போது நாலு, சேலத்துல எறங்கும்போது அஞ்சரையா? உள்ள தேனா, தங்கமா?"

கடையில் நின்றிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது. அக்காவைப் பார்த்தேன். அவர் மேலே தொங்கிய மூலிகைக் கட்டுகளை எண்ணுகிற மாதிரி நின்றிருந்தார். வேறு வழியில்லாமல், "நிறுத்துப் பாருங்க. வெறும் பாட்டில் ஒண்ணு கொண்டாந்திருக்கேன்" என்றேன்.

கடைக்காரர் நினைத்திருந்தால் தள்ளிவிட்டிருக்கலாம். பேசிய விலை நாலு. எங்களிடம் எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை. ஆனாலும் எழுந்து, தன் கையாலேயே தராசில் வைத்தார். வீட்டில் பார்த்த அதே எடைதான் நின்றது.

"நானும் முக்கால் கிலோன்னுதாம்மா நெனச்சேன்" என்றார். "கிலோ அஞ்சு ரூவான்னு மலையிலருந்து வாங்கறேன். முக்காலுக்கு மூணே முக்கா, பாட்டில் சேத்து நாலு. சரியாத்தான் இருக்குதுன்னு ஒத்துக்கிட்டேன். எண்ணெய் வித்தே பழகின கை. எண்ணெய் தண்ணியில மெதக்கும், தேனு அடியில போயி உக்காரும். அது தெரிஞ்சும் யோசிக்கல பாருங்க."

பிறகு அவரே கணக்குச் சொன்னார். ஒரு கிலோ ஐம்பது கிராமுக்கு ஐந்தே கால். பாட்டிலுக்கு முப்பது காசு.

"அஞ்சரை நியாயந்தான். ஆனா கடை வாடகை போட்டு நானும் விக்கணும். அஞ்சே கால் தரேன். இனிமே வெறும் பாட்டில் நான் தரேன், நீங்க அதுல அடைச்சிக் குடுங்க. உங்களுக்கு முப்பது காசு மிச்சம்."

எனக்கு உடனே கணக்கு வரவில்லை. அக்கா அப்போதுதான் வாயைத் திறந்தார். "அடக்கம் போக நாப்பத்தஞ்சு காசு நிக்குது கண்ணு. சரின்னு சொல்லு."

"சரிங்க" என்றேன்.

இருநூற்றுப் பத்து ரூபாய். செலவு போகப் பதினெட்டு ரூபாய் மிச்சம். கேட்டால் சிரிப்பீர்கள். ஆனால் அந்தச் செலவுக் கணக்குக்குள்ளேயே எங்கள் இரண்டு பேர் கூலித் தொண்ணூறும் வந்துவிட்டது. பாப்பாரப்பட்டிக்காரருக்குப் பெட்டி இல்லை என்று இவர் மறுநாளே சொல்லியனுப்பினார். அன்று சாயங்காலம் அக்காவுக்குக் கொடுக்க வீட்டில் ஒரு பாட்டில் தேன்கூட இல்லை. இவர் வெறுங்கையோடுதான் அக்கா வீட்டுக்குப் போனார்.

"நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுக்கா" என்றார்.

"கேட்டது நல்லதாப் போச்சு தம்பி. கேக்கலைன்னா யாரு தராசு எடுத்திருப்பா?" என்று சொல்லி, இவரை உட்கார வைத்து மோர் கொடுத்தாராம்.

அதன்பிறகு பன்னிரண்டு வருஷம் பெட்டி வைத்திருந்தோம். அந்தக் கடைக்கே கொடுத்தோம். அந்த அக்காவுக்கும் கடைக்காரருக்கும் நான் நேரில் நன்றி சொன்னதில்லை. சொல்ல வாய் வரவில்லை. இரண்டு பேரும் இப்போது இல்லை.

அக்காவின் மகள் தர்மபுரியில் இருக்கிறாள். இதை அவளிடம் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன். பதினாறு நாள் கூலியா பதினெட்டு நாளா, டிக்கெட் இந்தப் பன்னிரண்டில் அடக்கமா என்பதெல்லாம் அவள் அம்மா சொல்லிக் கேட்டிருப்பாள். நான் போட்ட பெருக்கல் வகுத்தலையும் யாராவது ஒருதடவை சரிபார்த்துவிட்டால் நல்லது. தப்பு இருந்தால் திருத்திவிடுங்கள்.