அக்னி மூலைக்கு எட்டாத கேபிள்

பணி ஓய்வு பெற்ற வருவாய்த் துறைக்காரனை இரண்டு இடங்களில் வரவேற்பார்கள். ஒன்று கோயில் திருப்பணிக் குழு, இன்னொன்று தனியார் கல்லூரி. முதலாவதில் ரசீது புத்தகத்தைக் கையில் கொடுத்து வீடு வீடாக அனுப்புவார்கள் என்பதால், திருத்தணிக்கும் கனகம்மாசத்திரத்துக்கும் நடுவில் புதிதாக முளைத்திருந்த ஒரு பாலிடெக்னிக்கில் நிர்வாக அலுவலராக, அங்கே சொல்கிறபடி ஏஓவாக, சேர்ந்தேன். விதிமுறை தெரிந்த ஆள் வேண்டும் என்று தாளாளர் சொன்னார். விதிமுறை தெரிந்த ஆள் வேண்டும் என்பவர்கள் அதை மீறுவதற்குத்தான் ஆள் தேடுகிறார்கள் என்பது எனக்கு முப்பது வருடமாகத் தெரியும். இருந்தும் போனேன். வீட்டில் மதியத் தூக்கம் வரவில்லை.

அலுவலகத்தில் கணினி வேலை பார்த்தவள் பள்ளிப்பட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் ஒரு பெண். டிப்ளமோ முடித்தவள். வேலையில் சேரும்போது அவளுடைய மூலச் சான்றிதழ்களைத் தாளாளர் வாங்கித் தன் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டார். எல்லாத் தனியார் கல்லூரிகளிலும் அதுதான் வழக்கம். எந்தச் சட்டத்திலும் அதற்கு இடமில்லை. நான் சேர்ந்த அன்று என்னிடமும் கேட்டார்கள். என் மூலச் சான்றிதழ் என் வழுக்கைதான் என்று சொல்லிவிட்டேன்.

அந்த வருடம் பழைய ஊசி அச்சுப்பொறியைத் தூக்கிவிட்டு ஒரு லேசர் பிரிண்டர் வாங்கினார்கள். கம்ப்யூட்டருக்கு அருகிலேயே, கூட வந்த குட்டை யுஎஸ்பி கேபிளில் மாட்டி வைத்தார்கள். இரண்டு வாரம் அது ஒரு புகாரும் இல்லாமல் உழைத்தது. பிறகு சித்தூர்ப் பக்கத்திலிருந்து வாஸ்து பார்ப்பவர் வந்தார்.

அலுவலகக் கூடத்தின் கிழக்குச் சுவர் நீளமானது. நடுவில் வாசல். வாஸ்துக்காரர் பிரிண்டரின் மேல் கையை வைத்துப் பார்த்தார். அது அப்போதுதான் முப்பது பக்கம் அடித்து முடித்திருந்தது. சுட்டது.

"இது நெருப்புங்க. ஈசான்யத்துல நெருப்பு இருந்தா படிப்பு வெந்துபூடும். இது ஆக்னேயத்துக்குப் போகணும்" என்றார்.

"கம்ப்யூட்டரு?" என்று தாளாளர் கேட்டார்.

"அது அறிவு. அறிவு ஈசான்யத்துலயே இருக்கட்டும்."

இப்படியாக அறிவு வடகிழக்கு மூலையிலும் நெருப்பு தென்கிழக்கு மூலையிலும் நிலைபெற்றன. இரண்டையும் இணைக்க, திருத்தணி பஸ் நிலையத்துக்கு எதிரே கடை வைத்திருந்த சர்வீஸ்காரர் வந்தார். ஒரு நீட்டிப்பு கேபிளோடு இன்னொன்றைச் செருகி, அதை வாசல் நிலைக்கு மேலே ஏற்றி, மாவிலைத் தோரணத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஹப்பைத் தொங்கவிட்டு, அதிலிருந்து மறுபடி ஒரு நீட்டிப்பை மூலை வரை இழுத்தார். ஒரு தாள் அடித்துக் காட்டினார். வந்தது. "சூப்பரா ஓடுது சார்" என்று சொல்லிவிட்டு, ஓடுவது நிற்பதற்குள் அவர் வண்டியை எடுத்துவிட்டார்.

மறுநாளிலிருந்து அந்தப் பெண்ணுக்குச் சனி பிடித்தது. காலையில் திரையின் பட்டியலில் பிரிண்டர் இருக்கும், பத்து மணிக்கு இருக்காது. பாதித் தாள் அச்சாகி நின்றுவிடும். சாதனத்தை அடையாளம் காண முடியவில்லை என்று திரையின் மூலையில் ஒரு மஞ்சள் பெட்டி எழும். அவள் பிளக்கைப் பிடுங்கி வேறு துளையில் செருகுவாள். உடனே கம்ப்யூட்டர் அதைப் புதிய பிரிண்டர் என்று நினைத்து, அதே பெயரோடு 'காப்பி ஒன்று' என்று சேர்த்து இரண்டாவதாக ஒன்றைப் பட்டியலில் காட்டும். ஒருநாள் தாளாளர் அவளுக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்துவிட்டார்.

"நான் ஒரு பிரிண்டர்தானே வாங்கிக் குட்த்தேன்? இங்க ரெண்டு காட்டுது. இன்னொண்ணு எங்கம்மா?"

"ரெண்டும் ஒண்ணுதான் சார்."

"இன்னாம்மா, எனுக்கே கணக்கு சொல்லிக் குடுக்கிறியா?"

அதைவிட மோசமானது ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது. பிரிண்டர் காணாமல் போயிருந்த நேரத்தில் அவள் ஒரே சுற்றறிக்கைக்கு மூன்று முறை கட்டளை கொடுத்திருந்தாள். மதியம் வாசலில் தோரணம் மாற்ற ஏறிய யாரோ கேபிளை இடித்தபோது பிரிண்டருக்கு உயிர் வந்து, காத்திருந்த மூன்றையும் வரிசையாகத் துப்பித் தள்ளியது. தாளாளர் அந்தத் தாள்களை வாரிக்கொண்டு என் அறைக்கு வந்தார்.

"அந்தப் பொண்ண நிறுத்திடுங்க சார். மெஷினக் கெட்த்துட்டா. சர்வீஸ்காரனே சொல்றான், மேடம் முரட்டுத்தனமா கையாள்றாங்கன்னு. மெஷின் பாழாப் போனதுக்கு தான்தான் காரணம்னு அவ எழுதிக் குட்த்தாதான் சர்டிபிகேட்டு. இல்லன்னா பீரோலயே இருக்கட்டும்."

எழுதிக் கொடுத்தால் பள்ளிப்பட்டிலிருந்து கனகம்மாசத்திரம் வரை எந்தக் கல்லூரியும் அவளை உள்ளே விடாது. எழுதிக் கொடுக்காவிட்டால் சான்றிதழ் இல்லாமல் எங்கேயும் போக முடியாது. நான் எத்தனையோ அதிகாரிகளின் கீழ் எத்தனையோ பணிநீக்க உத்தரவுகளுக்கு வரைவு எழுதியவன். இதை எழுதக் கை வரவில்லை என்று சொன்னால் பொய். கை வந்தது, மனம்தான் முரண்டு பிடித்தது.

"நிறுத்தலாம். முதலில் குற்றச்சாட்டு, பிறகு அவள் விளக்கம், பிறகு விசாரணை. விசாரணை இல்லாமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றேன்.

"இதுக்கெல்லாமா விசாரணை?"

"விதிமுறை தெரிந்த ஆள் வேண்டும் என்று நீங்கள்தான் கேட்டீர்கள்."

அன்று மாலை அவளைக் கூப்பிட்டு, எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டேன்.

"பக்கத்துல இருந்தப்ப நல்லாத்தான் ஓடிகினு இருந்துச்சு ஏஓ சார். மூலைக்குப் போனதுலேர்ந்துதான். நைனா வேற வீட்ல கேட்டுகினே கீறாரு, மெஷின நீ உடைச்சியான்னு. அவருகிட்ட யாரு சொன்னாங்கன்னே தெரியல."

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. எல்லைத் தகராறு தெரியும். எல்லைத் தகராறில் யார் கத்துகிறார்கள் என்று பார்க்கக் கூடாது, முதலில் அளக்க வேண்டும். எலக்ட்ரிக்கல் பிரிவிலிருந்து அளவு நாடா வாங்கி, நாற்காலி மேல் ஏறி, அந்தக் கேபிளை மூலையிலிருந்து மூலை வரை அளந்தேன். அந்தப் பிரிவின் ஆசிரியரிடம் யுஎஸ்பி கேபிள் எவ்வளவு தூரம் போகலாம் என்று கேட்டேன். ஒரே இழுப்பில் ஐந்து மீட்டர், அதற்கு மேல் உத்தரவாதம் இல்லை என்றார். வாசலுக்கு இந்தப் பக்கம் ஆறுக்கு மேல். அந்தப் பக்கம் பிரிண்டரின் சொந்த கேபிளையும் சேர்த்தால் ஏழுக்குக் கொஞ்சம் குறைவு.

விசாரணையைத் திங்கட்கிழமை கூடத்திலேயே வைத்தேன். மறுநாள் மாதிரித் தேர்வு. ஹால் டிக்கெட் ஒன்றுகூட அச்சாகவில்லை. அதனால் தாளாளருக்கும் வேறு வழியில்லை. சர்வீஸ்காரரையும் வரச்சொல்லியிருந்தேன்.

"குற்றம் சாட்டப்பட்டவர் சுவரோரம் நிற்கட்டும். யாரும் அவரை மெஷின் பக்கத்தில் விடாதீர்கள். கட்டளையைத் தாளாளரே கொடுக்கட்டும்" என்றேன்.

தாளாளர் உட்கார்ந்து, மோதிர விரலால் சுட்டியை அமுக்கினார். அக்னி மூலையில் பிரிண்டர் ஒரு முறை முனகியது. பாதி ஹால் டிக்கெட் வந்தது. மஞ்சள் பெட்டி எழுந்தது.

"இன்னாய்யா இது?"

"ஐயா கொஞ்சம் முரட்டுத்தனமா அமுக்கிட்டீங்களோ" என்றேன். சுவரோரத்தில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு கம்ப்யூட்டர் பெட்டியையும் திரையையும் அப்படியே தூக்கி அக்னி மூலைக்குக் கொண்டுபோகச் சொன்னேன். தாளாளர், "ஐயோ, ஈசான்யம்..." என்று எழுந்தார். விசாரணையின்போது பொருட்களை இடமாற்றம் செய்ய விசாரணை அதிகாரிக்கு அதிகாரம் உண்டு என்றேன். அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. ஹப்பும் இல்லை, நீட்டிப்பும் இல்லை. பிரிண்டரோடு வந்த குட்டை கேபிள் மட்டும். தாளாளர் மறுபடி அமுக்கினார். ஒரு வகுப்பின் ஹால் டிக்கெட் முழுவதும் மூச்சு விடாமல் வந்து விழுந்தது.

"இப்போது சொல்லுங்கள். நீங்கள் போட்ட கேபிள் எவ்வளவு தூரம் போகலாம்?" என்று சர்வீஸ்காரரிடம் கேட்டேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "அஞ்சு மீட்டருங்க. அதுக்கு மேல போனா சிக்னல் தடுமாறும். அந்த ஹப்புக்கும் தனி கரண்டு இல்ல. கம்ப்யூட்டர்லேர்ந்து வர்ற கரண்டுதான். அவ்ளோ தூரம் மெல்லிசு வயர்ல வர்றதுக்குள்ள பலம் இல்லாமப் போய்டும். அடாப்டரோட ஹப்பு வெச்சி, ரெண்டு பக்கமும் அஞ்சு மீட்டருக்குள்ள இருந்தா ஓடும். ஆனா வாசல் மேல பிளக் பாயின்ட் இல்ல. சுவத்துல ஓட்டை போடக்கூடாதுன்னு ஐயாதான் சொன்னாரு."

"அதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே."

"ஒருவேளை ஓடும்னு பாத்தேங்க."

தாளாளர் வந்து விழுந்த ஹால் டிக்கெட்டுகளைத் தட்டி அடுக்கினார். பிறகு பெருந்தன்மையாக அந்தப் பெண்ணை நோக்கித் திரும்பினார்.

"சரிம்மா. இந்த ஒரு தபா உன்ன மன்னிச்சிட்டேன். போய் வேலையப் பாரு."

அவள் சுவரை விட்டு நகரவில்லை.

"மன்னிக்கறதுக்கு நான் இன்னா சார் பண்ணேன்?"

விசாரணை அதிகாரியாக நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அவள் என்னைவிடச் சுருக்கமாகக் கேட்டுவிட்டாள்.

"என் ஒரிஜினலக் குடுங்க சார். அத என் பையில வெச்சிட்டுதான் நான் அந்த நாற்காலில உக்காருவேன்."

"நாளைக்குப் பரிச்ச இருக்குதும்மா."

"ஆங், தெரியும் சார். அதான் சீக்கிரம் குடுங்கன்றேன்."

தாளாளர் என்னைப் பார்த்தார். ஏதாவது ஒரு விதியை எடுத்து வீசுவேன் என்று எதிர்பார்த்தார். "மூலச் சான்றிதழை வைத்துக்கொள்ள எந்த விதியும் இல்லை" என்றேன். சாவிக்கொத்து அவர் இடுப்பில்தான் இருந்தது. அதை எடுக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவள் ஒவ்வொரு சான்றிதழையும் விரித்துத் தன் பெயரைச் சரிபார்த்து, பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். பிறகுதான் உட்கார்ந்தாள். மீதி வகுப்புகளின் ஹால் டிக்கெட்டுகளும் சாயங்கால பஸ்ஸுக்கு முன்பே முடிந்தன.

என் மேஜையில் கிடந்த பணிநீக்க வரைவில் நான் எழுதியிருந்தது உத்தரவின் தலையில் போடும் பார்வைக் குறிப்பு மட்டும். அதைக் கிழிக்கவில்லை. பின்பக்கம் காலியாக இருந்தது, வீட்டுச் சாமான் எழுத உதவியது.

கம்ப்யூட்டரைத் திரும்ப ஈசான்யத்துக்குக் கொண்டுபோகத் தாளாளருக்கு ஆசைதான். கொண்டுபோனால் பிரிண்டரும் கூடப் போக வேண்டும் என்று நானும், பிரிண்டர் போகாவிட்டால் தான் வேலையை விட்டுப் போய்விடுவதாக அவளும் சொன்னோம். இப்போது அவள் சும்மா சொல்லவில்லை என்று அவருக்குத் தெரியும். கடைசியில் வாஸ்துக்காரரையே மறுபடி வரவழைத்தார். அவர் மூலையில் நின்று, பெரிய மனதோடு திரையின் முதுகில் கையை வைத்தார். பழைய மாடல் திரை, நன்றாகச் சூடேறியிருந்தது.

"அட, இதுவும் நெருப்புதாங்க. இது இங்கதான் இருக்கணும்" என்றார்.

தாளாளருக்கு முகம் மலர்ந்தது. வாஸ்துக்காரர் விட்டபாடில்லை. "இதுல வேல செய்ற பொண்ணும் நெருப்பு மூலைல கெழக்கால பாத்து உக்காரணும்" என்றார்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னாள். "பிரிண்டர் எந்தப் பக்கம் கீதோ அந்தப் பக்கம் பாத்து உக்காருவேன் சாமி. கொஞ்சம் தள்ளிக்கோங்க, பேப்பர் வருது."