இரண்டு பல் தள்ளி

பினாங்கிலேயே குட்டி ரோபோ காருக்கு ஸ்டீயரிங் அமைப்பதில் என்னை அடிக்க ஆள் கிடையாது. பொய். எங்கள் கூட்டத்தில் மொத்தமே ஐந்து பேர். மற்ற நால்வரும் படித்தவர்கள், கையில் கிரீஸ் படுவது பிடிக்காது. அதனால் அந்த வேலை எனக்கு வந்தது.

நான் பாகான் டாலாமில் ஒரு கார் பட்டறையில் சக்கர அலைன்மென்ட் பார்ப்பவன். பள்ளிக்கூடமும் நானும் சின்ன வயதிலேயே ஒருவரையொருவர் கைவிட்டோம். மனைவி போனபிறகு வீட்டில் பேச்சுத் துணை ரைஸ் குக்கர்தான். வெந்ததும் அது 'டிக்' என்னும், நான் 'சரி' என்பேன். சனிக்கிழமை மட்டும் ஃபெர்ரி ஏறிக் கடலைத் தாண்டி ஜார்ஜ்டவுன் போவேன். அங்கே ஒரு கடைவீட்டு மாடியில் ரோபோ செய்கிறார்கள். முதல் தடவை போனது ஏர்கான் மாட்டும் நண்பனுக்கு ஏணி பிடிக்க. ஏணி திரும்பிப் போனது, நான் போகவில்லை.

கூட்டத்தை நடத்துபவர் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வரும் ஒரு ஃபேக்டரி இன்ஜினியர் அம்மா. தரையில் நூற்று நாற்பது சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு டேப் ஒட்டினார். கார் ரிவர்ஸ் எடுக்காமல் அதற்குள் இடமும் வலமும் முழுசாகத் திரும்ப வேண்டும்.

முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையில் இருபத்தாறு சென்டிமீட்டர். முன் சக்கரம் முப்பது டிகிரி திரும்பினால், பின் அச்சின் நடுப்பகுதி நாற்பத்தைந்து சென்டிமீட்டர் ஆரத்தில் சுற்றும் என்று அவர் கணக்குப் போட்டார். வெளிப்பக்க முன் சக்கரம் அதைவிடப் பெரிய வட்டம் போடும், அகலம் நூற்றிருபது. உள்பக்கச் சக்கரம் சின்ன வட்டத்தில் ஓடுவதால் அது கூடுதலாகத் திரும்பவேண்டும். அதற்காக இரண்டு முன் சக்கரத்தையும் திருப்பும் கைகளை பின் அச்சின் நடுவைப் பார்க்கச் சாய்த்து வைத்தேன். இது எனக்குப் பழகிய விஷயம்.

முதல் ஓட்டம். இடப்பக்கம் அழகாகத் திரும்பியது. வலப்பக்கம் டேப்பைத் தாண்டி, செருப்பு அடுக்கில் போய் முட்டியது. அடுத்த இரண்டு சனிக்கிழமையும் அதே கதை.

"என்னண்ணே, இது செருப்பு வாங்கப் போவுதா?"

"தரை வழுக்குதும்மா. சக்கரத்தத் திருப்புற சர்வோ மோட்டாரும் மலிவு சாமான் லா."

"மூணு வாரமா இதேதான் சொல்றீங்க. அடுத்த சனி வரைக்கும் பாப்போம். இல்லன்னா ரெடிமேட் செட்டு வாங்கிரலாம், அதுல எல்லாம் மாட்டியே வருது."

எல்லாம் மாட்டி வந்தால் எனக்கு அந்த மாடியில் என்ன வேலை? காரை பிஸ்கட் டின்னில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சாப்பாட்டு மேசையில் எதிர் நாற்காலிப் பக்கம் வைத்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்தப் பக்கம் ஏதோ ஒன்று உட்கார்ந்திருந்தது.

பார்க்கப் பார்க்கப் பிடிபட்டது. தரையும் இல்லை, சர்வோவும் இல்லை, நான்தான். சர்வோ மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்து நடு நிலைக்குக் கொண்டுவந்தபிறகுதான் அதன் தலையில், சக்கரத்தைத் தள்ளும் சின்னக் கையை மாட்டவேண்டும். நான் அப்படியே மாட்டிவிட்டேன். கை சாய்ந்து நின்றது. சர்வோவின் தலையைச் சுற்றி இருபத்தைந்து பல், நான் இரண்டு பல் தள்ளிச் சொருகியிருந்தேன். சக்கரம் கோணலாகத் தெரிந்ததும், கையிலிருந்து சக்கரத்துக்குப் போகும் இணைப்புக் கம்பியின் நீளத்தை மாற்றி நேராக்கிவிட்டேன். வெளியே பார்த்தால் நேர். உள்ளே கை சாய்ந்தே இருந்ததால், ஒரு பக்கம் நன்றாகத் தள்ளியது, மறுபக்கம் கால்வாசித் தூரத்துக்கு மேல் குறைந்தது.

கையைக் கழற்றி, சர்வோவை நடுவில் நிறுத்தி, கம்பிக்குச் செங்குத்தாக மாட்டினேன். பல்லால் தீராத சின்னக் கோணலை மட்டும் கம்பியின் மரையைத் திருகித் தீர்த்தேன்.

சனிக்கிழமை இரண்டு பக்கமும் நூற்றிருபத்தைந்தில் வட்டம் போட்டது.

"என்ன பண்ணீங்க?"

"நான் பண்ண தப்ப நானே கழட்டுனேன். தரைகிட்ட மன்னிப்பு கேட்டாச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அந்த அம்மா, "ஸ்டீயரிங் முடிஞ்சிருச்சு. இனி கேமராதான்" என்றார். நால்வரும் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நான் தேநீர் கலக்கினேன். அடுத்த வாரமும் கலக்கினேன். அதற்கடுத்த வாரம் போகவில்லை, தேநீர் கலக்க ஃபெர்ரி ஏற வேண்டுமா என்று.

இன்றும் சனிக்கிழமை, இன்றும் போகவில்லை. குக்கர் 'டிக்' என்றது, சரி என்று சொல்லிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். இப்போது போன், அந்த அம்மாதான்.

"அண்ணே, எங்க இருக்கீங்க? மறுபடி வலது பக்கம் திரும்ப மாட்டேங்குது. சர்வோ கை லொடலொடன்னு ஆடுது. கையப் புடிச்சிருக்கிற ஸ்குரூ கழலாம இருக்கப் பசை போட்டீங்களா இல்லையா?"

"மறந்துட்டேம்மா."

"வாங்க, வந்து போடுங்க. யாரும் தொடல."

மறந்தது உண்மைதான். முழுக்க மறதி என்றும் சொல்லமுடியாது, ஏனென்றால் அன்றைக்குப் பசைக் குப்பி என் சட்டைப் பையிலேயே இருந்தது, நான் அதை எடுத்து மூடியைத் திறந்து—

மறுபடியும் கூப்பிடுகிறார். ஃபெர்ரிக்கு நேரமாகிவிட்டது.