தாலி கட்டும் நேரத்துப் பாட்டு

அந்தமானின் ஹட் பேயில் மைத்துனர் மகளின் கல்யாணத்தை வீடியோ எடுத்து இணையத்தில் என் சேனலில் ஏற்றியிருந்தேன். ஸ்பீக்கரில் ஓடிய சினிமாப் பாட்டுக்குக் காப்புரிமைக் கோரிக்கை வந்து, வீடியோ எல்லா நாட்டிலும் முடங்கியது. கல்யாணத்துக்கு வர முடியாத மனைவியின் அக்கா நுவரெலியாவில் அதற்காகக் காத்திருந்தார்.

போர்ட் பிளேரில் ஜெயிலைப் பார்க்க டிக்கெட் வாங்க வேண்டும். எனக்கு மட்டும் உள்ளே இலவசமாக இடம் கிடைக்கப்போகிறது என்று நடுங்கினேன். “நான் எடுத்த வீடியோ, என் சொத்து” என்று ஆட்சேபம் எழுதி, அத்தாட்சிக்கு, தீவுவாசி என்று காட்டும் ஐலேண்டர் கார்டை எங்கே இணைப்பது என்று தேடினேன்.

“அரே, என்னங்க! படம் நீங்க எடுத்தது. பாட்டு நீங்க பாடினதா?” என்றாள் மனைவி.

அப்போதுதான் கோரிக்கையைத் திறந்து படித்தேன். உரிமை கேட்டது தாலி கட்டும்போது ஓடிய நாற்பது நொடிப் பாட்டுக்கு மட்டும்தான். சேனலையே மூடவைக்கும் ஸ்ட்ரைக் எதுவும் இல்லை. ஆட்சேபத்தை அழித்துவிட்டு, பேச்சை அப்படியே விட்டுப் பாட்டை மட்டும் நீக்கும் வசதியைத் தட்டினேன். வேலை முடியும்வரை எத்தனை சாமியைக் கும்பிட்டேன் என்று சாமிகளுக்கே தெரியாது.

கோரிக்கை விலகியது. அக்கா போனில் கூப்பிட்டார்.

“தாலி கட்டுறது நல்லாத் தெரியுது தம்பி. ஆனா மந்திரத்துக்கு மேல, ‘ஐயரே நகருங்க, மறைக்குது’ன்னு உங்க சத்தம்தான் கேக்குது.”